கடலில் குதித்த அண்ணன், ஓடும்போது விழும் தங்கை

"மண்டபம் பக்கம் எங்கள் ஊர். அக்கா மகனுக்கு 13 வயது, நன்றாக நீந்துவான். இரண்டு மாதத்துக்கு முன் படகிலிருந்து பந்தயம் போட்டுக் குதித்தவன் கையைக் காலை அடிக்காமல் அப்படியே அமிழ்ந்துவிட்டான். நீரில் மூழ்கி மரணம் என்று பிரேதப் பரிசோதனையில் எழுதிவிட்டார்கள். இப்போது அவன் தங்கை, 9 வயது, பள்ளியில் ஓடும்போது இரண்டு தடவை விழுந்துவிட்டாள். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். வலிப்பு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அக்கா எங்கள் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறாள். அவள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவள், அவளுக்கு ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தால் கேட்டகோலமைன் டாக்கிகார்டியா, வலது கீழறை டிஸ்பிளேசியா என்று இரண்டு பெயர் வருகிறது. இவளுக்கு எதுவாக இருக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து அந்தக் குழந்தை ஓடக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது, பந்தய விளையாட்டு எதிலும் சேரக் கூடாது. பள்ளி ஆசிரியரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சளி இருமல் என்று மருந்துக் கடையில் சிரப் வாங்கும்போது அட்டையைப் பாருங்கள். சால்பியூட்டமால், டெர்பியூட்டலின் என்று எழுதியிருந்தால் அவளுக்குக் கொடுக்காதீர்கள். அவை இதயத்தை விரட்டும் மருந்துகள். பல் பிடுங்கப் போனாலும், மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் கேட்டகோலமைன் வகை மீதுதான், அதாவது அட்ரினலின் சுரக்கும்போது இதயத் தாளம் கெடும் நோய் மீதுதான். சி.பி.வி.டி. என்று சுருக்கமாகச் சொல்வோம். உங்கள் மருமகன் கையைக் காலை அடிக்காமல் அமிழ்ந்தான் என்பதை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. உண்மையாகவே நீரில் மூழ்குகிறவர்களும் பல நேரம் கத்தாமல், கை வீசாமல் அமைதியாகத்தான் போகிறார்கள். ஒரு மரணம் மட்டும் நடந்திருந்தால் நானும் விபத்து என்றே கடந்துபோயிருப்பேன். நீந்தத் தெரிந்த ஒருவன் குதித்த வேகத்திலேயே போகிறான், அவன் கூடப்பிறந்தவள் ஓடும்போது விழுகிறாள், அவளது இ.சி.ஜி.யும் எக்கோவும் சுத்தமாக இருக்கின்றன. இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேரும்போது வேறு எதையும் முதலில் நினைக்க எனக்குத் துணிவில்லை.

வலிப்பா, இதயமா என்று பிரித்துப் பார்க்க வீட்டிலேயே சில கேள்விகள் உண்டு. விழுந்த இரண்டு தடவையும் ஓட்டத்தின் நடுவில்தானா? முகம் வெளுத்திருந்ததா? ஒன்றிரண்டு நிமிடத்தில் எழுந்து, பெயர் சொல்லி, வீட்டுக்குப் போகலாம் என்று தெளிவாகப் பேசினாளா? இதயம் நின்று மூளைக்கு ரத்தம் போகாமல் விழுகிறவருக்கும் கை கால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்கள் வலிப்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் இங்கே விழுந்த பிறகுதான் இழுப்பு வரும், தெளிவும் சீக்கிரம் திரும்பும். பெரிய வலிப்பு வந்தவர் எழுந்த பிறகும் வெகுநேரம் குழம்பிக் கிடப்பார், தூங்குவார். தூக்கத்திலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வராமல் ஓடும்போது மட்டும் வருகிற வலிப்பை நம்பக் கூடாது. சி.பி.வி.டி. உள்ள குழந்தைகள் பலர் ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டபடிதான் எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

நோய் எங்கே இருக்கிறது என்பதை நம் ஊர்க் கண்மாயை வைத்துச் சொல்லலாம். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கால்சியம் தேங்கி நிற்கும் ஒரு சேமிப்பறை உண்டு. அதன் மடைக்கு ரயனோடின் ஏற்பி என்று பெயர். ஒவ்வொரு துடிப்பிலும் மடை திறந்து கால்சியம் வெளியே பாய்கிறது, தசை சுருங்குகிறது, மடை மூடிக்கொள்கிறது, கால்சியம் மறுபடி உள்ளே ஏற்றப்படுகிறது. ஓடும்போதும் பயப்படும்போதும் அட்ரினலின் சுரக்கும். அது கண்மாயை விளிம்பு வரை நிரப்பும், மடையையும் எளிதாகத் திறக்க வைக்கும். மடைப் பலகை நன்றாக இருந்தால் இதனால் கெடுதல் இல்லை, இதயம் வலுவாகத் துடிக்கும், அவ்வளவுதான். பிறவியிலேயே பலகை சரியில்லை என்றால், கண்மாய் நிறைந்த வேளையில் மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் கசியும். கசிந்த கால்சியத்தைச் செல் வெளியேற்றியாக வேண்டும். ஒரு கால்சியத்தை வெளியே தள்ளும்போது மூன்று சோடியம் உள்ளே வருகின்றன. அந்தக் கூடுதல் மின்னேற்றமே வேண்டாத ஒரு துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. ஒன்று, இரண்டு, பிறகு சரம் சரமாக. கடைசியில் கீழறை துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பிக்கிறது. ரத்தம் வெளியே போவதில்லை, பிள்ளை விழுகிறது.

தசை நன்றாக இருக்கிறது, வால்வு நன்றாக இருக்கிறது, அறைகளின் அளவும் சரி. அதனால் எக்கோவில் தெரிய ஒன்றும் இல்லை. படுக்கையில் படுத்திருக்கும்போது கண்மாய் பாதிதான் நிறைந்திருக்கிறது, கசிவு இல்லை. அதனால் இ.சி.ஜி.யிலும் ஒன்றும் இல்லை. இந்த நோயைப் பிடிக்க வேண்டுமானால் குழந்தையை நடக்க வைத்து, அந்த நேரத்தில் இ.சி.ஜி. பார்க்க வேண்டும். டிரெட்மில் சோதனை, டி.எம்.டி. என்று சொல்கிறார்களே, அதுதான். நெஞ்சுவலி வந்த பெரியவர்களுக்குச் செய்வது என்ற பழக்கத்தில், 9 வயதுக் குழந்தைக்கு அதை எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

என்னிடம் வந்த ஒரு பையனின் சோதனையைச் சொல்கிறேன். வாலிநோக்கம் பக்கத்துப் பிள்ளை, 12 வயது. மூன்று தடவை விழுந்தவன், மூன்றும் விளையாட்டில். கழுத்தில் தாயத்து, அதை ஒதுக்கிவிட்டுத்தான் நெஞ்சில் லீடுகளை ஒட்டினோம். நிற்கும்போது நாடித்துடிப்பு 76. முதல் மூன்று நிமிடம் மெதுவான நடை, ஒன்றும் இல்லை. சரிவும் வேகமும் கூடிய ஐந்தாம் நிமிடத்தில், துடிப்பு 110-ஐத் தாண்டியதும் அகலமான ஒரு துடிப்பு நடுவில் எட்டிப் பார்த்தது. 125-இல் ஒன்று விட்டு ஒன்று வந்தது. 140-ஐ நெருங்கும்போது தாளில் ஒரு கூர் மேலே, அடுத்த கூர் கீழே, மறுபடி மேலே, மறுபடி கீழே என்று ஏழெட்டுத் துடிப்பு வரிசையாக விழுந்தது. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன், "லீடு கழன்றிருக்கும் போல, சார்" என்றார். கழலவில்லை. இரு திசைக் கீழறைத் துடிப்பு என்பது அதுதான், இந்த நோயின் கையெழுத்து. மெஷினை நிறுத்திப் பையனைப் படுக்க வைத்தோம். ஒரு நிமிடம் ஆவதற்குள் தாள் மறுபடி சுத்தமாகிவிட்டது. அவன் தண்ணீர் கேட்டான்.

அந்த ஒரு நிமிடம்தான் என்னை இன்றும் உறுத்துகிறது. அடுத்த அறைக்குப் போய் இ.சி.ஜி. எடுத்திருந்தால் நார்மல் என்று வந்திருக்கும், அவனும் மறுபடி விளையாடப் போயிருப்பான்.

ஆகவே, குழந்தைகளின் இதய மின்னோட்டக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவரிடம் டி.எம்.டி. வேண்டும் என்று கேளுங்கள். மதுரை அளவுக்காவது பெரிய மையமாக இருக்கட்டும். ஷாக் கொடுக்கும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருத்துவர் கூடவே நின்றுதான் இதைச் செய்ய வேண்டும். கூடுதல் துடிப்பு கொஞ்சம்தான் வந்தது, எல்லோருக்கும் வருவதுதான் என்று யாராவது சொன்னால், வேகம் கூடக் கூட அவை கூடினவா குறைந்தனவா என்று திருப்பிக் கேளுங்கள். தொல்லையில்லாத கூடுதல் துடிப்புகள் பெரும்பாலும் ஓட ஓட மறையும், இவை ஓட ஓடப் பெருகும். ஒரு தடவை நார்மலாக வந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. இன்னொரு நாள் திரும்பச் செய்வார்கள், அல்லது 24 மணி நேரம் உடம்போடு இருக்கும் ஹோல்டர் கருவியைக் கட்டி அனுப்புவார்கள்.

இன்னொரு சந்தேகத்தையும் அதே நாளில் தீர்த்துக்கொள்ள வேண்டும். நீந்தும்போது உயிரை எடுக்கும் பரம்பரைக் கோளாறுகளில் நீண்ட க்யூ.டி. நோயின் முதல் வகைக்குப் பெரிய பங்கு உண்டு. அது பெரும்பாலும் சாதாரண இ.சி.ஜி.யிலேயே தெரியும், ஆனால் க்யூ அலை தொடங்குவதிலிருந்து டி அலை முடிவது வரை உள்ள இடைவெளியை அளந்து பார்த்தால்தான் தெரியும். மெஷின் தாளின் மூலையில் அச்சடித்த நார்மல் என்ற சொல்லை நம்பாமல், மருத்துவர் கையால் அளக்க வேண்டும். பழைய இ.சி.ஜி. தாளைத் தூக்கிப்போடாமல் கொண்டுபோங்கள்.

வலது கீழறை டிஸ்பிளேசியா வேறு சாதி. இங்கே மின்சாரம் கெடுவதற்குக் காரணம் தசையே கெடுவது. தசைச் செல்களை ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும் இணைப்புப் புரதங்கள் பலவீனமாகப் பிறக்கின்றன. இழுபட இழுபடத் தையல் விடுகிறது. செத்த தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்புகின்றன. வலது கீழறையின் சுவர் மெல்லியது என்பதால் முதலில் அங்கேதான் தெரியும். சிதைய ஆண்டுகள் ஆகும், கடும் உடலுழைப்பு அதை வேகப்படுத்தும். அதனால் அது பொதுவாகப் பதின்ம வயதிலும் இருபது முப்பதுகளிலும் முகம் காட்டும். 9 வயதில் விழ வைப்பது மிக அபூர்வம். முற்றிய பிறகு இ.சி.ஜி.யில், வலப்பக்க லீடுகளில், டி அலை தலைகீழாகும், எம்.ஆர்.ஐ.யில் அறை விரிந்திருக்கும். ஏஜியன் கடலில் நாக்சோஸ் என்றொரு கிரேக்கத் தீவு உண்டு. அங்கே 1986-இல் விவரிக்கப்பட்ட ஒரு வகையில், பிறவியிலேயே கம்பளி போலச் சுருண்ட முடியும் தடித்த உள்ளங்கை உள்ளங்காலும் இருக்கும். தோலையும் இதயத்தையும் தைப்பது ஒரே புரதம் என்பதால் இப்படி. இதைப் படித்துவிட்டு உங்கள் மாமாவின் கையைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். வலைக் கயிறு இழுத்துக் காய்த்த கை வேறு, குழந்தை தவழவும் நடக்கவும் தொடங்கும் வயதிலேயே தடிக்கும் கை வேறு.

சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதியிருக்கிறீர்கள். சி.பி.வி.டி.யில் பெரும்பாலானவர்களுக்குப் பழுது இருப்பது அந்த மடையின் மரபணுவில். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. இதற்கும் சொந்தத் திருமணத்துக்கும் சம்பந்தம் இல்லை. இன்னொரு வகை குறைவாக வருவது. சேமிப்பறைக்குள் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் கால்செக்வெஸ்ட்ரின் என்ற புரதத்தின் மரபணு, அப்பாவிடமிருந்து வந்த படி, அம்மாவிடமிருந்து வந்த படி என்ற இரண்டு நகல்களிலும் சேர்ந்து கெட்டால்தான் அது வரும். 2001-இல் இது முதலில் கண்டறியப்பட்டதும் சொந்தத்துக்குள் மணம் செய்யும் பெதுவின் என்னும் அரபுக் குடிகளின் குடும்பங்களில்தான்.

உங்கள் வீட்டில் இந்த வகையாக இருந்தால் கணக்கு இப்படிப் போகும். உங்கள் அம்மாவும் மாமாவும் உடன்பிறந்தவர்கள். அவர்களைப் பெற்ற தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒரு பழுதான படி இருந்திருக்கும். அது ஒரு வழியாக அம்மாவுக்கு வந்து அக்காவுக்கு இறங்கியது, இன்னொரு வழியாக நேரே மாமாவுக்கு வந்தது. இருவரும் ஒரு நல்ல படியும் ஒரு கெட்ட படியும் வைத்திருப்பவர்கள், இருவருக்கும் பெரும்பாலும் தொல்லை வராது. குழந்தைக்கு இரண்டு கெட்ட படிகளும் ஒருங்கே சேர நான்கில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு பிரசவத்திலும் புதிதாக. உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும் அந்த ஒற்றைப் படி வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அந்த ஒற்றைப் படியால் உங்களுக்குப் பெரும்பாலும் கெடுதல் இல்லை. முறைப்பெண் பேசி வைத்திருக்கிறார்கள் என்றால் மட்டும், நிச்சயம் செய்வதற்கு முன் இந்தச் சோதனையின் முடிவு வரட்டும்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. பாசிக்குப் போகிற நாளெல்லாம் மூழ்கி எழுகிறாள், அவளுக்கு இந்த நோய் இருக்க முடியாது என்று நினைக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் முகம் தண்ணீருக்குள் போய் மூச்சையும் அடக்கும்போது உடம்பு தானாகவே இதயத்தை மெதுவாக்கும். கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி, நிதானமாகக் கீழே போய்க் கல்லில் இருந்து பாசி பிய்ப்பவளின் இதயமும், பந்தயத்தில் கத்திக்கொண்டு குதித்த பையனின் இதயமும் ஒன்றல்ல. மடை மரபணுப் பழுது உள்ளவர்களிலும் வாழ்நாள் முழுதும் ஒரு தடவைகூட விழாதவர்கள் உண்டு. அவளையும் டிரெட்மில்லில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

பையனின் பிரேதப் பரிசோதனையில் தவறு நடந்தது என்று நினைக்காதீர்கள். டிஸ்பிளேசியா என்றால் வெட்டிப் பார்க்கும்போது கொழுப்பு கண்ணுக்குத் தெரியலாம். சி.பி.வி.டி.யில் தெரிய எதுவும் கிடையாது. கசிவு உயிரோடு இருக்கும்போது மட்டும் நடப்பது. நுரையீரலில் தண்ணீர் இருந்திருக்கும், அதுவும் உண்மைதான். இதயம் நின்ற பின்னும் மூச்சு சிறிது நேரம் ஓடும், தண்ணீர் உள்ளே போகும். அன்றைக்கே சில மில்லி ரத்தத்தை உறையாத குழாயில் எடுத்து வைத்திருந்தால் மரபணுவைப் பார்த்திருக்கலாம். ஃபார்மலினில் போட்ட துண்டு அதற்கு அவ்வளவாக உதவாது. போகட்டும், தங்கை இருக்கிறாள். மரபணுச் சோதனைக்கு அவள் ரத்தத்தைக் கொடுங்கள். முடிவு வரச் சில வாரம் ஆகும். டிரெட்மில் தாள் தெளிவாகக் காட்டிவிட்டால் மருந்துக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. மரபணுவில் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மருந்து எளியது, விடாமல் கொடுப்பதுதான் கடினம். அட்ரினலினைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள். நாடோலால் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, நாளுக்கு ஒரு வேளை போதும். இல்லாவிட்டால் புரோபிரனோலால், நாளுக்கு மூன்று வேளை. எடைக் கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். புரோபிரனோலால் என்றால் 24 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு மொத்தம் 70 மில்லிகிராம் அளவுக்குப் போவது உண்டு. அவளுக்கு இளைப்பு நோய் இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்டெனோலால், மெட்டோபிரோலால் என்று மாற்றித் தந்தால் சம்மதிக்காதீர்கள், இந்த நோயில் அவை அதே காவலைத் தருவதில்லை. மருந்து தொடங்கிய பிறகு மறுபடி டிரெட்மில்லில் ஏற்றிப் பார்ப்பார்கள். அப்போதும் கூடுதல் துடிப்பு வந்தால் ஃபிளெக்கனைடு சேர்ப்பார்கள். 2009-இல் இருந்து அது இந்த நோய்க்குப் பயன்படுகிறது. அதற்கும் அடங்காவிட்டால், இடது நெஞ்சுக்குள் ஓடும் சிம்பதடிக் நரம்பைத் துண்டிக்கும் சிறு துளை அறுவை சிகிச்சை இருக்கிறது.

நெஞ்சுக்குள் ஷாக் கருவியை வைத்துவிடலாம் என்று எடுத்த எடுப்பில் யாராவது சொன்னால் நிதானியுங்கள். மற்ற நோய்களில் அது காவல் தெய்வம். இங்கே ஷாக் அடித்தால் குழந்தை வலியிலும் பயத்திலும் அலறும், அட்ரினலின் பாயும், அதனாலேயே அடுத்த சரம் கிளம்பும், கருவி மறுபடி அடிக்கும். ஒரு தடவை இதயம் நின்று பிழைத்தவர்களுக்கும், மருந்து போதாதவர்களுக்கும் மருந்தோடு சேர்த்து வைப்பதுண்டு. முதல் வைத்தியமாக வேண்டாம்.

அதற்குள் அவள் மறுபடி விழுந்தால், கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். மூச்சு சரியாக இல்லை, கூப்பிட்டால் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்துங்கள். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இதயம் நிற்கும் நோயாளிகளுக்கு அட்ரினலின் ஊசி போடுவது வழக்கம், இந்த நோயில் அது எண்ணெய் ஊற்றுவது போல. சி.பி.வி.டி. சந்தேகம் என்று ஒரு தாளில் எழுதி அவள் புத்தகப் பையில் வைத்திருங்கள், வருகிறவர்களிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.

போகும் நாளில் அவளை மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அக்கா, மாமா, வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களும், நீங்களும், எல்லோரும் ஒரே நாளில் டிரெட்மில்லில் ஏறுங்கள். அக்கா அன்றைக்குப் பாசிக்குப் போக வேண்டாம். முடிவு தெரியும் வரை அதற்குப் பிறகும் வேண்டாம்.